மிச்சம் பிடித்ததை ரெஸ்யூமேயில் எழுதுவது: ஒரு விறகுக் கணக்கு

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு டீ பேக்டரியில் ஆறு வருடமாக பர்ச்சேஸ் பார்க்கிறேன். கோயம்புத்தூரில் பர்ச்சேஸ் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். எத்தனை வெண்டரிடம் பேரம் பேசினீர்கள், எவ்வளவு மிச்சம் பிடித்தீர்கள், ஆர்டர் அளவு என்ன, எந்த சாஃப்ட்வேர் என்றெல்லாம் ரெஸ்யூமேயில் இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்களிடம் டேலியும் எக்செலும்தான். மிச்சத்துக்குத் தனியாகக் கணக்கே வைத்ததில்லை. எப்படி எழுதுவது?

பதில்:

நீங்கள் கணக்கு வைக்காவிட்டாலும் பேக்டரி வைத்திருக்கிறது. பில் இருக்கிறது, எடைச்சீட்டு இருக்கிறது, தினமும் எவ்வளவு டீத்தூள் இறங்கியது என்ற உற்பத்திப் பதிவேடும் இருக்கிறது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மிச்சக் கணக்கு வந்துவிடும். நான் குன்னூரில் ஒரு பேக்டரியில் இதே வேலையில் இருந்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். இப்போது இன்டர்வியூ மேஜையின் அந்தப் பக்கமும் அவ்வப்போது உட்கார்கிறேன். அதனால் என் தவற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் ரெஸ்யூமேயில் நான் “வருடத்துக்கு 12 லட்சம் மிச்சப்படுத்தினேன்” என்று எழுதியிருந்தேன். எதிரே இருந்தவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. “எதோடு ஒப்பிட்டு 12 லட்சம்?” என்று மட்டும் கேட்டார். போன வருடம் ஆன செலவிலிருந்து இந்த வருடச் செலவைக் கழித்தேன் என்றேன். “போன வருடம் எவ்வளவு டீ போட்டீர்கள், இந்த வருடம் எவ்வளவு?” என்றார். அந்த வருடம் பனி அடித்து இலை குறைந்துபோயிருந்தது. வேலை குறைந்ததால் குறைந்த செலவை என் திறமை என்று எழுதிவைத்திருக்கிறேன் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கே புரிந்தது. அதன் பிறகு அவர் சாஃப்ட்வேர் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

ஆகவே முதலில் மிச்சக் கணக்கு. உங்களுக்கு எளிதாகப் பிடிபடும் என்பதால் விறகையே எடுத்துக்கொள்வோம். இலைக்கு அடுத்தபடியாக உங்கள் கையில் அதிகம் புரளும் பொருள் அநேகமாக அதுதான். கீழே வரும் எண்களை நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்தில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

போன வருடம் உங்கள் பேக்டரி 7.5 லட்சம் கிலோ டீத்தூள் போட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தூளுக்கு ஒன்றரை கிலோ விறகு எரிந்தது. விறகு டன் 4,200 ரூபாய். அப்படியானால் ஒரு கிலோ தூளுக்கு விறகுச் செலவு 6 ரூபாய் 30 காசு. இந்த வருடம் நீங்கள் வியாபாரியை மாற்றினீர்கள், அல்லது அதே வியாபாரியிடம், “வெட்டினதும் லாரியில் ஏற்றாதே, இரண்டு மாதம் அடுக்கிக் காயவைத்துக் கொண்டுவா, விலை கூட்டித் தருகிறேன்” என்றீர்கள். டன் 4,700 ஆனது. ஆனால் விறகு காய்ந்து வந்ததால் ஒரு கிலோ தூளுக்கு 1.2 கிலோதான் எரிந்தது. செலவு 5 ரூபாய் 64 காசு. கிலோவுக்கு 66 காசு மிச்சம்.

கவனித்தீர்களா? விலை ஏறியிருக்கிறது, செலவு இறங்கியிருக்கிறது. பர்ச்சேஸ் ஆள் என்றால் விலையைக் குறைப்பவன் என்று நினைக்கும் முதலாளி, பில்லை மட்டும் பார்த்து உங்களை அன்றைக்குத் திட்டியிருக்கக்கூடும். ரெஸ்யூமேயில் எழுத இதைவிட நல்ல சம்பவம் கிடைக்காது, ஏனென்றால் இங்கே பேரம் பேசியது விலையை வைத்து அல்ல, தரத்தை வைத்து. கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரிக்காரர் கரி வாங்கினாலும், ஒரு மில்காரர் பஞ்சு வாங்கினாலும் அவருக்கும் இதே பிரச்சினைதான். தண்ணீருக்குப் பணம் கொடுக்கிறோமா, பொருளுக்குக் கொடுக்கிறோமா?

இது ஏன் நடக்கிறது என்பதையும் நீங்கள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த மரம் கிலோவுக்கு ஏறத்தாழ 4,500 கிலோ கலோரி வெப்பம் தரும். பச்சை விறகில் 40 சதவீதம் தண்ணீர் இருந்தால், ஒரு கிலோவில் மரம் 600 கிராம்தான். அது தருவது 2,700. அதிலும் அந்த 400 கிராம் தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 240 போய்விடும். மிச்சம் 2,460. அதே விறகில் தண்ணீர் 25 சதவீதமாக இறங்கினால் கைக்கு வருவது சுமார் 3,225. அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சூடு. இந்தக் கணக்குப்படி ஒன்றரை கிலோ எரிந்த இடத்தில் 1.14 கிலோ போதும். நடைமுறையில் அடுப்புக்காரர் கைப்பழக்கம், மழை நாள், டிரையரின் நிலை எல்லாம் சேர்ந்து 1.2-இல் நிற்கும். உங்கள் எண் 1.14-க்கும் கீழே போயிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். எடைச்சீட்டில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது டிரையரில் வேறு வேலை நடந்திருக்கிறது. இன்டர்வியூவில் விஷயம் தெரிந்தவர் இருந்தால் அங்கேதான் பிடிப்பார்.

ஈரப்பதத்தை எப்படி அளந்தீர்கள் என்றும் கேட்பார்கள். கையில் பிடிக்கிற ஊசி மீட்டர் பச்சை மரத்தில் நம்பகமாகக் காட்டாது. சுமார் 30-க்கு மேல் போனாலே அதை நம்ப முடியாது. தவிர, அந்த மீட்டர்கள் பெரும்பாலும் காய்ந்த மரத்தின் எடையை அடிப்படையாக வைத்து சதவீதம் சொல்லும், நாம் மேலே போட்டதோ மொத்த எடையின் சதவீதம். இரண்டும் வேறு. நாங்கள் செய்தது எளிது. லாரியின் நடுவிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, அதன் நடுத் துண்டை அறுத்து எடைபோட்டு, டிரையர் பக்கம் சூடான இடத்தில் போட்டுவிடுவோம். தினமும் எடை பார்த்து, எடை குறைவது நின்றதும் கணக்கு. ஒரு கிலோ துண்டு 600 கிராமில் நின்றால் 40 சதவீதம். கட்டையின் முனையை மட்டும் எடுத்தால் காய்ந்தது போலத் தெரியும், ஏமாந்துவிடுவீர்கள். வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். மேலே காய்ந்த சீகைக் கட்டை, கீழே நேற்று வெட்டிய கற்பூர மரம் என்று லாரி வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். போன வருட மொத்த விறகுச் செலவு 47.25 லட்சம். இந்த வருடம் 7.2 லட்சம் கிலோ தூள்தான் போட்டீர்கள், செலவு 40.61 லட்சம். கழித்தால் 6.64 லட்சம் வருகிறது. நான் செய்த தவறு சரியாக இதுதான். இதில் 30,000 கிலோ தூள் குறைவாகப் போட்டதால் வந்த 1.89 லட்சமும் கலந்திருக்கிறது. அது உங்களுடையது அல்ல, வானத்துடையது. சரியான வழி, இந்த வருட உற்பத்தியை வைத்துப் பெருக்குவது. 66 காசு பெருக்கல் 7.2 லட்சம், அதாவது 4.75 லட்சம். எக்செலில் மாதவாரியாகப் போட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஜூலை மழையில் ஒரு கிலோ தூளுக்கு ஆகும் விறகும் பிப்ரவரி வெயிலில் ஆகும் விறகும் ஒன்றல்ல. போன வருட ஜூலையோடு இந்த வருட ஜூலையை ஒப்பிட வேண்டும். B நெடுக்கையில் போன வருடம் அதே மாதத்தில் ஒரு கிலோ தூளுக்கு ஆன விறகுச் செலவு, C-யில் இந்த வருடத்தது, D-யில் இந்த வருடம் அந்த மாதத்தில் போட்ட தூள் என்றால் ஒரே வரி போதும்:

```
=SUMPRODUCT((B2:B13-C2:C13)*D2:D13)
```

ஏதாவது ஒரு மாதம் செலவு கூடியிருந்தால் அது மைனஸாக விழுந்து மொத்தத்திலிருந்து தானாகக் கழியும். அந்த மாதத்தை அழித்துவிட ஆசை வரும். அழிக்காதீர்கள். “எல்லா மாதமும் மிச்சம்தானா?” என்று கேட்டால், “இல்லை, நவம்பரில் நஷ்டம், மண்சரிவில் ரோடு அடைத்து உள்ளூரில் கிடைத்த பச்சை விறகை வாங்கினோம்” என்று சொல்ல உங்களுக்கு ஒரு பதில் இருக்கும். இந்த மாதிரி பதில்தான் ஆளை நம்ப வைக்கும்.

4.75 லட்சத்தோடும் நின்றுவிடக்கூடாது. காய்ந்து வந்த விறகை நனையாமல் அடுக்கி வைக்க ஷெட், ஆள் கூலி என்று ஒரு 60,000 ஆகியிருக்கும். முன்பு ஒரு வார விறகு கிடந்த இடத்தில் இப்போது இரண்டு மாத விறகு கூடுதலாகக் கிடக்கிறது என்றால், ஏறத்தாழ 144 டன், 6.77 லட்சம் ரூபாய் முடங்கிக் கிடக்கிறது. பத்து சதவீத வட்டி போட்டால் வருடத்துக்குச் சுமார் 68,000. இரண்டையும் கழித்தால் சுமார் 3.5 லட்சம். போன வருட விலையில், போன வருடத் தரத்தில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் 45.36 லட்சத்தில் இது ஏழரை சதவீதம். உங்கள் ரெஸ்யூமேக்குப் போக வேண்டிய எண் இதுதான். 6.64 என்று எழுதுகிறவனைவிட 3.5 என்று எழுதி, கேட்டால் பேனாவை எடுத்துப் போட்டுக்காட்டுகிறவனைத்தான் நான் எடுப்பேன்.

ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகும். பொருள் இப்படி இருக்கட்டும்: “விறகு கொள்முதலை ஈரப்பத அடிப்படைக்கு மாற்றினேன். உற்பத்திப் பிரிவோடு சேர்ந்து ஒரு கிலோ தூளுக்கு ஆகும் விறகை 1.5 கிலோவிலிருந்து 1.2 ஆகக் குறைத்தோம். வாங்கும் விலை 12 சதவீதம் கூடியும், இருப்புச் செலவு கழித்து ஆண்டு நிகர மிச்சம் 3.5 லட்சம்.” இதில் “உற்பத்திப் பிரிவோடு சேர்ந்து” என்பதை விட்டுவிடாதீர்கள். அடுப்பில் விறகு போடுகிறவர் பழையபடியே திணித்துக்கொண்டிருந்தால் உங்கள் காய்ந்த விறகும் புகையாகத்தான் போயிருக்கும்.

எல்லாப் பொருளுக்கும் இப்படி உட்கார்ந்து போட வேண்டாம். இரண்டு அல்லது மூன்று போதும். ஆனால் எது மிச்சம், எது மிச்சம் மாதிரி தெரிவது என்பதில் கவனம் வேண்டும். பேப்பர் சாக்கு இதற்கு நல்ல உதாரணம். போன வருடம் ஒரு சாக்கு 52 ரூபாய்க்கு வாங்கினீர்கள், இந்த வருடம் 44. வருடத்துக்கு 24,000 சாக்கு என்றால் 1.92 லட்சம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த வருடம் கிராஃப்ட் பேப்பர் விலையே இறங்கியிருந்தால், பக்கத்துப் பேக்டரியும் 46-க்கு வாங்கியிருப்பான். பேரமே பேசாமல் கிடைத்திருக்கக்கூடிய விலை அது. அந்த வருடம் வந்த மூன்று கொட்டேஷனில் குறைந்தது 46 என்றும், நீங்கள் பேசி 44-க்கு முடித்தீர்கள் என்றும் வைத்தால் உங்கள் பங்கு சாக்குக்கு இரண்டு ரூபாய், மொத்தம் 48,000. சின்ன எண்தான், ஆனாலும் உங்களுடையது.

இதற்கு நேர் எதிரும் உண்டு. சந்தை விலை ஏறும்போது வியாபாரி ஐந்து ரூபாய் கூட்டக் கேட்டு, நீங்கள் பேசி இரண்டு ரூபாயில் நிறுத்தினால், அது மிச்சம் அல்ல, தவிர்த்த செலவு. பெரிய கம்பெனிகளில் இந்த இரண்டையும் தனித்தனி வரியில்தான் போடுவார்கள். நீங்களும் அப்படியே போடுங்கள். ஒன்றாகக் கூட்டினால், தெரிந்தவர் அதைப் பிரிக்கச் சொல்வார்.

ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஜிஎஸ்டி இல்லாத விலையையே எடுங்கள். வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளும் பேக்டரிக்கு அது செலவே அல்ல. ஆனால் ஒரு பக்கம் ஊட்டி வரை கொண்டுவந்து இறக்கும் விலை, இன்னொரு பக்கம் மேட்டுப்பாளையம் குடோன் விலை என்று ஒப்பிட்டுவிடக் கூடாது. மலைக்கு ஏற்றும் வாடகைதான் நம் ஊர்க் கொள்முதலில் பாதி சூட்சுமம். இறக்குக்கூலி வரை சேர்த்து, பேக்டரி வாசலில் என்ன விலை என்று பாருங்கள்.

கடன் நாட்களைக் கூட்டினேன் என்று எழுத நினைத்தால் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு காலத்தில் 30 நாள் கடனை 60 ஆக்கியது ரெஸ்யூமேயில் பெருமையாக இருந்தது. இப்போது நிலைமை வேறு. குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்த உற்பத்தியாளருக்கோ சேவை தருபவருக்கோ, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். அதைத் தாண்டிக் கொடுத்தால், கொடுக்கும் வருடத்தில்தான் வருமான வரியில் அந்தச் செலவைக் கழிக்க முடியும். கணக்காளர்கள் 43பி(எச்) என்று சொல்லும் இந்த விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் ரோலர் சாணை பிடிக்கும் பட்டறைக்காரர் பெரும்பாலும் இந்த வகையில்தான் வருவார். அவரிடம் 60 நாள் வாங்கினேன் என்று எழுதினால், ஃபைனான்ஸ் ஆள் அதைச் சாதனையாகப் படிக்க மாட்டார், வரிப் பிரச்சினையாகத்தான் படிப்பார். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்த விதி பொருந்தாது. அதனால் கடன் நாளை எழுதுவதென்றால், யாரிடம் கூட்டினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்து வெண்டர் எண்ணிக்கை. டேலியில் சன்ட்ரி கிரெடிட்டார்ஸ் பட்டியலைத் திறந்தால் நூற்றைம்பது பேர் வருவார்கள். அதை அப்படியே எழுதிவிடத் தோன்றும். அந்தப் பட்டியலில் ஈபி பில் இருக்கும், ஆடிட்டர் இருப்பார், ஒருமுறை சுவருக்குப் பெயின்ட் அடித்தவர் இருப்பார். கடந்த பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது இரண்டு பில் வந்தவர்களை மட்டும் எண்ணுங்கள், அது ஐம்பது அறுபதுக்கு வரும். அதில் நீங்களே கொட்டேஷன் வாங்கி, பேசி, விலை முடித்தவர்கள் இருபது பேர் இருக்கலாம். “செயலில் உள்ள 55 வெண்டர்கள், இதில் 20 பேரோடு ஆண்டு விலை நேரடியாகப் பேசி முடித்தேன்” என்று இரண்டு எண்ணும் வரட்டும். ஜிஎஸ்டி தளத்தில் வரும் GSTR-2B பட்டியலை இறக்கி எண்ணலாம் என்று சிலர் சொல்வார்கள். பதிவு பெற்றவர்களுக்கு அது சரி. விறகுக்கு ஜிஎஸ்டி இல்லை, விறகு மட்டும் விற்பவர் பதிவே செய்திருக்க மாட்டார், உங்கள் பெரிய வெண்டரே அதில் காணாமல் போய்விடுவார்.

வெண்டர் பெயரையும் விலையையும் ரெஸ்யூமேயில் போடாதீர்கள். பழைய கம்பெனியின் விலையை வெளியே சொல்கிறவர் நாளைக்கு எங்கள் விலையையும் சொல்வார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். பொருளும் ஊரும் போதும். கோயம்புத்தூர் ஸ்பேர்ஸ், சிவகாசி அச்சிட்ட பை, உள்ளூர் விறகு என்று எழுதினால் எத்தனை விதமான ஆட்களோடு பேசியிருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். விறகுக்காரரிடம் பேசும்போது விலை மட்டும் பார்க்கவில்லை, மரம் வெட்ட வாங்கிய அனுமதியையும் பார்த்தீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். மலைப் பகுதியில் மரங்களைப் பாதுகாக்கும் 1955-ஆம் வருடச் சட்டம் நமக்குச் சாதாரணம், சமவெளியில் இருப்பவருக்குப் புதுச் செய்தி.

ஆர்டர் அளவில்தான் டீ பேக்டரி ஆட்கள் தெரிந்தோ தெரியாமலோ பெரிய பொய் சொல்லிவிடுகிறார்கள். “ஆண்டுக்கு ஏழு கோடி கொள்முதல் கையாண்டேன்” என்று எழுதுவார்கள். அதில் ஆறு கோடி பச்சை இலை. 7.2 லட்சம் கிலோ தூளுக்கு சுமார் 30 லட்சம் கிலோ இலை வேண்டும், கிலோ 20 ரூபாய் என்று வைத்தாலே ஆறு கோடி ஆயிற்று. இலைக்கு நீங்கள் பேரம் பேசினீர்களா? தேயிலை வாரியம் ஏல விலையை வைத்து மாதாமாதம் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. அதற்கு மேல் கொடுப்பதா என்று முடிவு செய்பவர் முதலாளி. இலை ஏஜென்ட்டிடம் பேசுபவர் பெரும்பாலும் ஃபீல்டு ஆள். இலையைக் கட்டாயம் தனியாகப் பிரித்துவிடுங்கள். “இலை நீங்கலாக ஆண்டுக் கொள்முதல் 95 லட்சம், மாதம் சராசரி 40 ஆர்டர்” என்று வந்தால் அது சின்ன எண்ணாகத் தெரியலாம். கோயம்புத்தூரில் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றில் இந்த வேலைக்கு ஆள் தேடுபவருக்கு அது போதும். அவருக்குத் தெரிய வேண்டியது நீங்களாகவே கையெழுத்துப் போட்ட வரம்பு. 25,000 ரூபாய் வரை உங்கள் முடிவு, அதற்கு மேல் மேனேஜர் என்று இருந்திருந்தால் அந்த எண்ணை எழுதுங்கள். இதை யாருமே எழுதுவதில்லை. எழுதியிருந்தால் நான் முதலில் அதைத்தான் படிப்பேன்.

மலையில் வேலை பார்த்ததால் உங்களுக்கு வந்திருக்கும் ஒரு பழக்கம் உண்டு, அதைத் திறமை என்று நீங்களே நினைத்திருக்க மாட்டீர்கள். அக்டோபர், நவம்பரில் மேட்டுப்பாளையம் ரோட்டில் எப்போது மண் சரியும் என்று தெரியாது என்பதால், பேரிங், பெல்ட், சாக்கு எல்லாம் செப்டம்பரிலேயே இருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்வீர்கள். எந்தப் பொருளை எத்தனை நாள் இருப்பு வைத்தீர்கள், அந்த மாதங்களில் பொருள் இல்லாமல் பேக்டரி எத்தனை மணி நேரம் நின்றது என்று எழுத முடிந்தால் ஒரு வரி சேருங்கள். “நிற்கவே இல்லை” என்பதற்கு மெயின்டனன்ஸ் லாக் புத்தகத்தில் ஆதாரம் இருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள்.

சாஃப்ட்வேர் விஷயத்தில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எஸ்ஏபி தெரியும் என்று எழுதாதீர்கள், அவ்வளவுதான். தெரிந்தவர் ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். “ME21N எதற்கு?” என்பார், அது பர்ச்சேஸ் ஆர்டர் போடும் திரை. அதை மனப்பாடம் செய்துவிட்டுப் போனாலும், “சரக்கு 100 வரவேண்டியதற்கு 96 வந்தது, என்ன செய்வீர்கள்?” என்று அடுத்ததைக் கேட்பார். இந்தக் கேள்விக்கு டேலி தெரிந்த உங்களால் நன்றாகவே பதில் சொல்ல முடியும். டேலி பிரைமில் Ctrl+F9 அழுத்தி ஆர்டர், சரக்கு வந்ததும் Alt+F9-இல் ரசீதுக் குறிப்பு, பில் வந்ததும் F9. எஸ்ஏபியில் ME21N, MIGO, MIRO என்று இருப்பதும் இதே மூன்று படிதான். ஆர்டரில் 100, ரசீதில் 96, பில்லில் 100 என்றால் பணம் போகக்கூடாது. அந்த நிறுத்தம் எங்கே நடக்கிறது என்று தெரிந்தவருக்கு எந்த சாஃப்ட்வேரும் இரண்டு வாரப் பழக்கம்.

சிக்கல் எங்கே என்றால், நம் பக்கத்துப் பேக்டரிகள் பலவற்றில் டேலியில் ஆர்டரே போடுவதில்லை. போனில் சொல்லிவிட்டு, பில் வந்ததும் நேராக F9-இல் ஏற்றிவிடுவார்கள். உங்கள் இடமும் அப்படியென்றால் “டேலியில் பர்ச்சேஸ் ஆர்டர் நிர்வகித்தேன்” என்று எழுதாதீர்கள். இன்னும் இரண்டு மூன்று மாதம் அங்கே இருக்கப் போகிறீர்கள் என்றால், நாளையிலிருந்து விறகுக்கும் சாக்குக்கும் மட்டுமாவது ஆர்டர் போட்டு, ரசீதுக் குறிப்பு போட்டுப் பழகுங்கள். அக்கவுன்ட்ஸ் அக்கா முதல் வாரம் கோபப்படுவார். மூன்றாவது வாரம் ஒரு பில்லில் கூடுதல் எடை சிக்கினதும் அவரே கேட்டு வாங்குவார். அப்புறம் எழுதலாம், பொய்யாகாது. எக்செலிலும் “நன்றாகத் தெரியும்” என்று எழுதாமல் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். மூன்று கொட்டேஷனை வாடகையோடு சேர்த்து ஒப்பிடும் தாள் போட்டேன், மாதவாரி விறகுக் கணக்கு வைத்தேன் என்றால் போதும்.

தாளில் இவற்றை அடுக்கும்போது மேலே நான்கு வரியில் சுருக்கம்: ஆறு வருடம், இலை நீங்கலாக 95 லட்சம், 55 வெண்டர், டேலி பிரைமும் எக்செலும். அதற்குக் கீழே விறகு, சாக்கு என்று இரண்டு சம்பவம், ஒவ்வொன்றும் மூன்று வரி. மற்ற பொருள்களின் பெயர் ஒரே வரியில். இரண்டாம் பக்கம் தேவையில்லை. அப்பா பெயர், ராசி, “மேற்கண்டவை உண்மை என்று உறுதி கூறுகிறேன்” எல்லாம் எடுத்துவிட்டாலே நிறைய இடம் கிடைக்கும்.

கணக்குத் தாளை ரெஸ்யூமேயோடு அனுப்பாதீர்கள். பேக்டரியின் பில்லையும் வெண்டர் விலைப் பட்டியலையும் பென்டிரைவில் எடுத்துப் போவதும் வேண்டாம். உங்களுக்குத் தேவை நான்கு எண்: 1.5, 1.2, 66 காசு, 3.5 லட்சம். அவை எப்படி வந்தன என்பது உங்கள் தலையில் இருந்தால் போதும். கடைசியாக ஒன்று. விண்ணப்பிக்கும் முன் உங்கள் பேக்டரி மேனேஜரிடம் அந்த 3.5 லட்சத்தைக் காட்டி, “சார், இது சரிதானே” என்று கேட்டுவிடுங்கள். வேலையை விட்டுப் போகிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை, வருடக் கணக்கு என்று சொன்னால் போதும். கோயம்புத்தூரிலிருந்து விசாரிக்கப் போன் வந்தால் எடுக்கப் போவது அவர்தான். அப்போது அவர் அந்த எண்ணை முதல்முறையாகக் கேட்கக் கூடாது.